கழிவு விலையில் ஒரு வாக்குறுதி: பூச்சியக் கூப்பன் முறிகளின் விலை ஏன் இவ்வளவு தாழ்ந்திருக்கிறது?

2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் 364 நாள் திறைசேரி உண்டியலொன்றை வாங்கியவர், ஓர் இலட்சம் ரூபா முகப்பெறுமதிக்குச் சுமார் 92,400 ரூபா செலுத்தினார். சரியாக ஓராண்டின் பின்னர், 2022 டிசெம்பர் இறுதியில், அதே 364 நாள் உண்டியலை வாங்கியவர் சுமார் 77,400 ரூபாவே செலுத்தினார். வாக்குறுதி அளித்தது அதே அரசாங்கம். அளித்த வாக்குறுதியும் ஒன்றே: 364 நாட்களின் பின்னர் ஓர் இலட்சம் ரூபா. இடையில் ஒரு சதமேனும் வட்டி என்ற பெயரில் கிடையாது. அவ்வாறாயின், ஒரே வாக்குறுதியின் விலை பன்னிரண்டு மாதங்களில் 15,000 ரூபாவால் வீழ்ந்தது ஏன்? இவ்விருவருள் நன்மையடைந்தவர் யார்?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, பூச்சியக் கூப்பன் முறி எனப்படும் நிதிப் பத்திரத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள வேண்டும். திறைசேரி உண்டியலானது அவ்வகைப் பத்திரங்களுள் மிகக் குறுகிய ஆயுளைக் கொண்டது. அதனிலும் நீண்ட ஆயுளைக் கொண்டவை, இருபது முப்பது ஆண்டுகள் கடந்து முதிர்பவை, வேறு நாடுகளில் பெருமளவில் விற்பனையாகியுள்ளன. ஆயுள் நீள நீள, விற்பனை விலைக்கும் முகப்பெறுமதிக்கும் இடையிலான பள்ளம் ஆழமாகிறது. இந்தப் பள்ளத்தை ஒரு சலுகை என்று எண்ணுவோர் பலர். அது சலுகையன்று.

கூப்பன் என்றால் என்ன?

முற்காலத்தில் அரசாங்கங்களும் கம்பனிகளும் கடன் பெறுவதற்கு வெளியிட்ட முறிகள் கடதாசியில் அச்சிடப்பட்டவை. முறியின் ஓரத்தில் சிறுசிறு துண்டுகள் இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு திகதியும் ஒரு வட்டித் தொகையும் குறிக்கப்பட்டிருக்கும். அத்திகதி வந்ததும் முறியை வைத்திருப்பவர் அத்துண்டைக் கத்தரித்து வங்கியில் ஒப்படைத்து வட்டியைப் பெற்றுக்கொள்வார். அத்துண்டின் பெயரே கூப்பன். கடதாசி மறைந்து எல்லாம் கணினிப் பதிவுகளாகிவிட்ட இன்றும் அப்பெயர் நிலைத்துவிட்டது. எமது திறைசேரி முறிகள் ஆண்டுக்கு இருமுறை கூப்பன் வட்டி வழங்குபவை. பூச்சியக் கூப்பன் முறியிலோ அத்தகைய கொடுப்பனவு எதுவும் இல்லை. வாங்கும் நாளில் ஒருமுறை பணம் கைமாறுகிறது. முதிரும் நாளில் மற்றொருமுறை கைமாறுகிறது. இடைப்பட்ட காலம் முழுவதும் மௌனமே.

இடையில் எதுவும் கிடைக்காத ஒரு பத்திரத்தை எவரும் முகப்பெறுமதிக்கு வாங்கமாட்டார். இன்று ஓர் இலட்சம் ரூபாவைக் கொடுத்து, ஓராண்டின் பின் அதே ஓர் இலட்சத்தைப் பெறுவதற்கு யார்தான் இணங்குவர்? ஆகவே, கொள்வனவாளர் எதிர்பார்க்கும் வட்டி முழுவதும் விலையிலேயே முன்கூட்டிக் கழிக்கப்படுகிறது. 77,400 ரூபா கடன் கொடுத்தவர் ஓராண்டின் பின் அம்முதலோடு 22,600 ரூபா வட்டியையும் பெறுகிறார் என்பதே இக்கொடுக்கல் வாங்கலின் உண்மையான பொருள். வட்டி என்ற சொல் பத்திரத்தில் எங்கும் காணப்படாவிடினும், அந்தக் கழிவே வட்டி.

இவ்விடத்தில் அடிக்கடி நேரும் ஒரு கணக்குப் பிழையையும் சுட்டிக்காட்ட வேண்டும். ஓர் இலட்சத்தில் 22,600 ரூபா கழிவு என்றவுடன், இலாபம் 22.6 சதவீதம் என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். கொடுத்த பணம் ஓர் இலட்சமன்று. 77,400 ரூபா மட்டுமே. அத்தொகைமீது 22,600 ரூபா என்பது ஏறத்தாழ 29.2 சதவீதமாகும். முன்னையது கழிவு வீதம். பின்னையது விளைவு வீதம். ஏலப் பெறுபேறுகளில் மத்திய வங்கி அறிவிப்பது விளைவு வீதத்தையே. கழிவு சிறிதாக இருக்கும்போது இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. கழிவு ஆழமாகும்போது அது பாரதூரமானதாகிவிடும்.

கழிவே வட்டி என்ற இவ்வுண்மை முஸ்லிம் வாசகர்களுக்கு வெறும் கணக்கு விவகாரமன்று. வட்டி என்ற பெயரும் இல்லை, கூப்பனும் இல்லை, வாங்கிய விலைக்கும் மீட்கும் விலைக்கும் இடையிலான வேறுபாடு வர்த்தக இலாபம் போன்றதே என்ற வாதம் அவ்வப்போது முன்வைக்கப்படுவதுண்டு. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் பேரவை 1990 மார்ச்சில் ஜித்தாவில் நடத்திய தனது ஆறாவது அமர்வில் இதனை நேரடியாகவே ஆராய்ந்தது. வட்டி வழங்கும் முறிகளைப் போலவே பூச்சியக் கூப்பன் முறிகளும் ஆகுமானவையல்ல என அது தீர்மானித்தது. அவையும் கடன்களே, பெயரளவுப் பெறுமதியிலும் குறைந்த விலைக்கு விற்கப்படும் கடன்கள், அவ்வேறுபாட்டினாலேயே அவற்றை வைத்திருப்பவர் பயனடைகிறார் என்பதே அது கூறிய காரணம். மாற்றாக, இலாப நட்டத்தில் பங்கேற்கும் முழாரபா அடிப்படையிலான பத்திரங்களை அது சுட்டிக்காட்டியது. மார்க்க அறிஞர்களின் தீர்மானமும் நிதிக் கணக்காளரின் சூத்திரமும் இவ்விடயத்தில் ஒரே இடத்தையே வந்தடைகின்றன. இது ஒரு பொருளின் விற்பனை அன்று. கடனும் அதன் வட்டியுமே.

காலம் தோண்டும் பள்ளம்

ஓராண்டுப் பத்திரத்தில் கழிவு என்பது ஓராண்டு வட்டி. இருபது ஆண்டுப் பத்திரத்தில் அது இருபது ஆண்டுகளின் வட்டி. அவ்வட்டியும் வட்டிக்கு மேல் வட்டியாகக் குட்டி போடும் கூட்டு வட்டி. பள்ளம் ஆழமாவதற்கு முதற்காரணம் இதுவே.

எளிய உதாரணமொன்றைக் கொள்வோம். சந்தை வட்டிவீதம் ஆண்டுக்கு 10 சதவீதம் என்க. ஓர் இலட்சம் ரூபா முகப்பெறுமதியுள்ள பத்திரத்தின் இன்றைய விலையைக் காண்பதற்கு, அந்த ஓர் இலட்சத்தை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒருமுறை 1.10 ஆல் வகுத்துக்கொண்டே பின்னோக்கி வரவேண்டும். ஓராண்டில் முதிர்வதாயின் விலை 90,909 ரூபா. ஐந்து ஆண்டுகளாயின் 62,092 ரூபா. பத்து ஆண்டுகளாயின் 38,554 ரூபா. இருபது ஆண்டுகளாயின் வெறும் 14,864 ரூபா. இருபது ஆண்டு முறியின் விலை முகப்பெறுமதியில் ஏழிலொரு பங்குக்குச் சற்றே அதிகம். ஆயினும் இந்நான்கு பத்திரங்களும் தமது உரிமையாளருக்கு வழங்குவது ஒரே 10 சதவீதத்தையே. இருபது ஆண்டு முறி ஓராண்டு முறியைவிட மலிவானதன்று. அதிக காலம் காத்திருக்க வைப்பது. அவ்வளவுதான்.

இதே முடிவை வேறொரு வழியிலும் கண்டறியலாம். ஆண்டுதோறும் 10,000 ரூபா கூப்பன் வழங்கி இருபதாம் ஆண்டில் ஓர் இலட்சம் முதலையும் திருப்பித் தரும் சாதாரண முறியொன்று, அதே 10 சதவீதச் சந்தையில் சரியாக ஓர் இலட்சம் ரூபாவுக்கே விற்பனையாகும். இதன் கூப்பன்கள் இருபதையும் கத்தரித்து ஒருபுறம் வைத்தால், அவற்றின் இன்றைய பெறுமதி மொத்தம் 85,136 ரூபா. மறுபுறம் எஞ்சும் முதல் மட்டும் 14,864 ரூபா. நீண்ட கால முறியொன்றின் பெறுமதியில் பெரும்பகுதி அதன் கூப்பன்களிலேயே தங்கியிருக்கிறது. அவற்றை அகற்றிவிட்டால் எஞ்சுவது இருபது ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு தொகையின் நிழலே.

இது கற்பனைக் கத்தரிப்பன்று. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெரில் லிஞ்ச் நிறுவனம் அமெரிக்கத் திறைசேரி முறிகளை வாங்கி, அவற்றின் கூப்பன்களையும் முதலையும் வெவ்வேறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பூச்சியக் கூப்பன் பத்திரமாக விற்றது. அதற்கு வரவேற்பு மிகுந்திருந்ததால், 1985ஆம் ஆண்டில் அமெரிக்கத் திறைசேரியே அவ்வாறு பிரிப்பதற்கான முறையொன்றை ஏற்படுத்தியது. பல ஆண்டுகளின் பின் இன்ன திகதியில் இன்ன தொகையைக் கொடுத்தாக வேண்டும் என்ற கடப்பாட்டைக் கொண்ட ஓய்வூதிய நிதியங்களுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் இவை பெரிதும் பொருந்தின. கூப்பன் முறியை வைத்திருப்பவர், கிடைக்கும் ஒவ்வொரு கூப்பனையும் அன்றைய வட்டிவீதத்தில் மீள முதலிட வேண்டும். அவ்வீதம் வீழ்ந்திருந்தால் இறுதியில் கைக்கு வரும் தொகையும் குறையும். பூச்சியக் கூப்பன் முறியிலோ மீள முதலிடும் பிரச்சினையே இல்லை. இறுதித் தொகை முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால், அந்த உறுதிப்பாடு முதிரும் நாள்வரை பொறுத்திருப்பவருக்கே உரியது. இடையில் விற்க நேர்ந்தவர் நிலைமை வேறு. மேற்கூறிய இருபது ஆண்டு முறியை 14,864 ரூபாவுக்கு ஒருவர் வாங்கிய மறுநாளே சந்தை வட்டிவீதம் 12 சதவீதமாக உயர்ந்துவிட்டது என்று கொள்வோம். அவரது முறியின் விலை 10,367 ரூபாவாகிவிடும். ஏறத்தாழ 30 சதவீத வீழ்ச்சி. மாறாக, வட்டிவீதம் 8 சதவீதமாக இறங்கினால் விலை 21,455 ரூபாவாக ஏறிவிடும். ஓராண்டுப் பத்திரத்தை வைத்திருப்பவருக்கு அதே 12 சதவீத உயர்வினால் ஏற்படும் வீழ்ச்சி 2 சதவீதத்திலும் குறைவு. இடையில் கூப்பன் எதுவும் வராதமையால், பூச்சியக் கூப்பன் முறியின் பெறுமதி முழுவதும் கடைசி நாளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நெடுங்கோலொன்றின் ஒரு முனையைச் சற்றே அசைத்தால் மறுமுனை பெரிதாக ஊசலாடுவதைப் போன்றது இது.

மற்றொரு விடயம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. இம்முறியின் பெறுமதி ஆண்டுதோறும் சமமான படிகளில் ஏறுவதில்லை. முதலாம் ஆண்டில் அது 1,486 ரூபாவால் மட்டுமே வளர்கிறது. இருபதாம் ஆண்டில் 9,091 ரூபாவால் வளர்கிறது. பாதிக் காலமான பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் பெறுமதி 38,554 ரூபாவே, பாதியைக்கூட எட்டவில்லை. கூட்டு வட்டியின் கனி மரத்தின் உச்சியிலேயே காய்க்கிறது. அந்த உச்சியை எட்டுமுன் ஏணியை எடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அயல்நாடான இந்தியாவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் சான்றாகும்.

நர்மதா முறி

குஜராத் மாநில அரசுக்குச் சொந்தமான சர்தார் சரோவர் நர்மதா நிகம் என்ற நிறுவனம், நர்மதை ஆற்றின் குறுக்கே அணை கட்டுவதற்கான நிதியைத் திரட்டும் பொருட்டு, 1993ஆம் ஆண்டின் இறுதியில் ஆழ்கழிவு முறிகளைப் பொதுமக்களுக்கு விற்றது. ஒரு முறியின் விலை 3,600 இந்திய ரூபா. இருபது ஆண்டுகளின் பின்னர், 2014 ஜனவரியில், அதற்கு 111,000 ரூபா வழங்கப்படும் என்பது வாக்குறுதி. இடையில் பணம் தேவைப்படும் முதலீட்டாளர் விரும்பினால் ஏழாம் ஆண்டு முடிவில் 12,500 ரூபாவையோ, பதினோராம் ஆண்டு முடிவில் 25,000 ரூபாவையோ, பதினைந்தாம் ஆண்டு முடிவில் 50,000 ரூபாவையோ பெற்று விலகிக்கொள்ளலாம் எனவும் கூறப்பட்டது.

3,600 ரூபா 111,000 ரூபாவாகிறது என்றால் முப்பது மடங்கு. கேட்பவருக்கு மாயாஜாலமாகத் தோன்றும். கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 18.7 சதவீதம். உயர்ந்த வீதம்தான்; ஆனால் மாயாஜாலமன்று. முறியை விற்றவர்கள், இருபது ஆண்டுகளுக்கு இவ்வளவு வட்டியைக் கொடுத்தேனும் பணம் திரட்ட வேண்டிய நிலையில் இருந்தனர் என்பதையே அவ்விலை புலப்படுத்தியது.

பின்வந்த ஆண்டுகளில் இந்தியாவில் வட்டிவீதங்கள் வீழ்ந்தன. 1993இல் நியாயமாகத் தோன்றிய ஒப்பந்தம் நிறுவனத்துக்குச் சுமையாக மாறியது. பதினைந்தாம் ஆண்டில் 50,000 ரூபாவாகக் கணிக்கப்பட்ட முறி, எஞ்சிய ஐந்து ஆண்டுகளில் 111,000 ரூபாவாக வளர வேண்டுமாயின், அவ்வைந்து ஆண்டுகளுக்கும் நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 17.3 சதவீத வட்டியைச் சுமக்க வேண்டும். இருபது ஆண்டுகளில் முதலீட்டாளருக்குச் சேரவேண்டிய மொத்த ஆதாயம் 107,400 ரூபா. அதில் 61,000 ரூபா, அதாவது பாதிக்கும் மேற்பட்ட பங்கு, அந்தக் கடைசி ஐந்து ஆண்டுகளுக்கே உரியது.

இடையில் விலகும் உரிமை முதலீட்டாளருக்கு வழங்கப்பட்டிருந்ததேயன்றி, விலக்கிவிடும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கவில்லை. ஆகவே, 2008ஆம் ஆண்டில் குஜராத் சட்டமன்றம் தனியான சட்டமொன்றை இயற்றி, முறிகளை முன்கூட்டியே மீட்கும் அதிகாரத்தை அந்நிறுவனத்துக்கு அளித்தது. 2009 ஜனவரியில் முறியொன்றுக்கு 50,000 ரூபா வீதம் கொடுத்து மீட்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

இங்கு இரு தரப்பின் நியாயங்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 3,600 ரூபா பதினைந்து ஆண்டுகளில் 50,000 ரூபாவாகியது என்றால், அக்காலத்துக்கு முதலீட்டாளர் பெற்ற வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 19.2 சதவீதம். வாக்களிக்கப்பட்ட 18.7 சதவீதத்திலும் அது சற்று அதிகமே. கடந்த காலத்தைப் பொறுத்தவரை எவரும் நட்டப்படவில்லை என்று நிறுவனத்தின் சார்பில் வாதிட இடமுண்டு. ஆனால், முறியை வாங்கியவர் பெற்றுக்கொண்டது கடந்த கால வட்டியை மட்டுமன்று. எதிர்காலத்தில் வட்டிவீதம் எவ்வளவு வீழ்ந்தாலும் தமது வீதம் வீழாது என்ற உறுதியையும் அவர் வாங்கியிருந்தார். கையில் கிடைத்த 50,000 ரூபாவை அவர் ஆண்டுக்கு 9 சதவீதத்தில் முதலிட்டார் என்று கொண்டாலும், 2014இல் அவரிடம் இருப்பது ஏறத்தாழ 77,000 ரூபாவே. வாக்களிக்கப்பட்ட தொகையிலும் 34,000 ரூபா குறைவு. மகளின் திருமணத்துக்கென்றோ முதுமைக்கென்றோ 111,000 ரூபாவை எண்ணி இருந்தவருக்கு அவ்விடைவெளியை நிரப்ப வேறு வழி இல்லை.

கூப்பன் முறியை வைத்திருந்தவருக்கு இதே நிலை ஏற்பட்டிருந்தால் இழப்பு இவ்வளவு கூர்மையாக இருந்திராது. உயர்ந்த வட்டியின் பெரும்பகுதியை அவர் ஆண்டாண்டாகக் கையில் வாங்கியிருப்பார். பூச்சியக் கூப்பன் முறியை வாங்குபவரோ அனைத்தையும் கடைசி நாளுக்கென ஒத்திவைக்கிறார். ஆகவே, அக்கடைசி நாள்வரை வாக்குறுதி மாறாதிருக்குமா, முன்கூட்டியே மீட்கும் உரிமை யாருக்கு உண்டு, எந்த விலைக்கு உண்டு என்ற வினாக்கள் அவருக்கு மற்றெவரையும்விட முக்கியமானவை. வெளியீட்டு ஆவணத்தில் முதலில் தேட வேண்டிய வாசகம் முகப்பெறுமதியன்று, மீட்பு நிபந்தனையே. அந்நிபந்தனையையும் சட்டத்தினால் மாற்றக்கூடிய ஓர் அரசு மறுபக்கத்தில் இருக்குமாயின், அந்த ஆபத்தையும் விலையில் சேர்த்தே கணிக்க வேண்டும்.

இரு கொள்வனவாளர்கள்

இனி, ஆரம்பத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். 92,400 ரூபா செலுத்தியவரின் விளைவு வீதம் ஏறத்தாழ 8.2 சதவீதம். 77,400 ரூபா செலுத்தியவரின் வீதம் 29 சதவீதத்துக்கு மேல். காலம் இருவருக்கும் ஒன்றே. எனவே இந்த வேறுபாட்டைக் காலத்தால் விளக்க முடியாது. அதனை விளக்குபவை வேறிரு காரணிகள்: திரும்பி வரும் பணம் எதனை வாங்கும் என்ற ஐயமும், அது திரும்பி வருமா என்ற அச்சமும்.

2021இன் இறுதியில் விலையை நிர்ணயித்த சந்தை இயல்பான சந்தையாக இருக்கவில்லை. மத்திய வங்கியே உண்டியல்களைப் பெருமளவில் வாங்கி, புதிய பணத்தைப் புழக்கத்தில் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பெரிய கொள்வனவாளர் ஒருவர் குறைந்த வட்டிக்கு வாங்கத் தயாராக நிற்கும்போது கழிவு ஆழமாவதில்லை. ஆனால், விளைவு வேறு வழியாக வெளிப்பட்டது. 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் அவ்வாண்டு செப்டெம்பரில் 69.8 சதவீதத்தை எட்டியது, டிசெம்பரில் 57.2 சதவீதமாக இருந்தது.

2021 டிசெம்பரில் 92,400 ரூபா செலுத்தியவருக்கு 2022 டிசெம்பரில் ஓர் இலட்சம் ரூபா ஒரு சதமும் குறையாமல் கிடைத்தது. வாக்குறுதி எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்டது. ஆனால், அந்த ஓர் இலட்சம் ரூபாவால் வாங்கக்கூடிய அரிசியையும் பருப்பையும் மண்ணெண்ணெயையும் ஓராண்டுக்கு முன்னர் ஏறத்தாழ 63,600 ரூபாவுக்கே வாங்கியிருக்கலாம். பெயரளவில் 7,600 ரூபா இலாபம். உண்மையில் தாம் கொடுத்த பெறுமதியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இழப்பு. கழிவு அவருக்குப் போதுமானதாக இருக்கவில்லை.

2022 டிசெம்பரில் 77,400 ரூபா செலுத்தியவரின் கதை நேரெதிரானது. அவர் வாங்கிய நாளில், பணவீக்கம் தணியுமா என்பதும் தெரியாது; வெளிநாட்டுக் கடனை நிறுத்திய அரசாங்கம் உள்நாட்டுக் கடனிலும் கை வைக்குமா என்பதும் தெரியாது. அவ்வச்சங்கள் இரண்டும் சேர்ந்தே விலையை அந்த ஆழத்துக்குத் தள்ளின. 2023 நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டபோது, மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்கள் அதற்குள் அடக்கப்பட்டன. பொதுமக்களும் வங்கிகளும் வைத்திருந்த உண்டியல்கள் தவிர்க்கப்பட்டன. 2023 டிசெம்பரில் பணவீக்கம் 4 சதவீதமாகக் குறைந்திருந்தது. அவருக்குக் கிடைத்த ஓர் இலட்சம் ரூபா, தாம் வாங்கிய நாளின் பெறுமதியில் ஏறத்தாழ 96,000 ரூபாவுக்குச் சமமாக இருந்தது. ஆழமான கழிவு அவருக்குப் பெரும் ஆதாயமாக முடிந்தது.

இதனைக் கொண்டு, கழிவு ஆழமாக இருக்கும்போதெல்லாம் வாங்க வேண்டும் என்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. மறுசீரமைப்பின் கோடு வேறு இடத்தில் வரையப்பட்டிருந்தால் அவருடைய கதையும் வேறாகியிருக்கும். ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்கள் வைத்திருந்த திறைசேரி முறிகள் அக்கோட்டுக்குள் அகப்பட்டு, நீண்ட கால முறிகளாக மாற்றப்பட்டன என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர் பெற்ற 29 சதவீதத்தின் ஒரு பகுதி, நிகழாமற்போன ஓர் ஆபத்தைத் தாங்கியதற்கான கூலியே.

ஆகவே, முகப்பெறுமதிக்கும் விற்பனை விலைக்கும் இடையிலான பள்ளத்துக்குள் மூன்று விடயங்கள் புதைந்துள்ளன. காத்திருக்கும் காலத்துக்கான வட்டி ஒன்று. பணம் தேய்ந்துபோவதற்கான ஈடு மற்றொன்று. வாக்குறுதி மீறப்படலாம் அல்லது மாற்றப்படலாம் என்ற அச்சத்துக்கான ஈடு மூன்றாவது. நீண்ட கால முறியொன்றில் பள்ளம் ஆழமாயிருப்பதற்குப் பெரும்பாலும் முதற்காரணமே போதுமானது. குறுகிய காலப் பத்திரமொன்று திடீரென ஆழ்கழிவில் விற்கப்படுமாயின், பின்னைய இரண்டில் ஒன்று அல்லது இரண்டும் சேர்ந்தே தோண்டுகின்றன என்று பொருள்.

எமது நாட்டில் சேமிப்பாளர் ஒருவர் வங்கி மூலமோ முதனிலை வணிகர் மூலமோ திறைசேரி உண்டியலொன்றை வாங்கும்போது, தாம் செலுத்தும் தொகையை முகப்பெறுமதியோடு ஒப்பிட்டு மகிழ்வதில் பயனில்லை. கழிவைச் செலுத்தும் தொகையால் வகுத்து விளைவு வீதத்தைக் காண வேண்டும். அதனை அன்றைய பணவீக்கத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2021 டிசெம்பரில் அக்கணக்கைச் செய்தவர் எவரும் ஒன்றைக் கண்டிருப்பர். அம்மாதத்திலேயே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. உண்டியல் தந்ததோ 8.2 சதவீதம். வரப்போகும் பேரிடரை எவரும் முன்னறிந்திருக்கத் தேவையில்லை. நட்டம் வாங்கிய நாளிலேயே விலையில் எழுதப்பட்டிருந்தது.